ஜிஎஸ்டி ரீஃபண்ட் 60 நாளைத் தாண்டிவிட்டதா? சிறு ஏற்றுமதியாளர் விண்ணப்ப எண்ணையும் சட்டப் பிரிவையும் காட்டி வட்டியோடு கேட்கும் வழி

ரீஃபண்ட் தாமதமானால் பெரும்பாலான சிறு ஏற்றுமதியாளர்கள் செய்வது ஒன்றுதான். ஆடிட்டருக்கு ஃபோன் போடுவார்கள். அவர் வரி அலுவலகத்துக்கு ஃபோன் போடுவார். "ஃபைல் மேலே போயிருக்கிறது" என்று பதில் வரும். இந்தப் பேச்சு எதுவும் காகிதத்தில் ஏறுவதில்லை. சட்டமோ நாள் கணக்கை மட்டும்தான் பார்க்கிறது. அந்தக் கணக்கு விண்ணப்பம் போன தேதியில் தொடங்குகிறது. அதற்குச் சான்று ஏஆர்என் எனப்படும் விண்ணப்பக் குறிப்பு எண். அந்த எண்ணையும் தேதியையும் எழுதி, எந்தப் பிரிவின்படி எத்தனை நாளில் முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலை அதிகாரிக்கு வருகிறது.

இந்த வழிகாட்டி எல்யூடி எனப்படும் உறுதிமொழிக் கடிதம் கொடுத்து, வரி கட்டாமல் பொருள் ஏற்றுமதி செய்து, தேங்கிய உள்ளீட்டு வரி வரவைத் திரும்பக் கேட்பவர்களுக்கானது. ஐஜிஎஸ்டி கட்டி ஏற்றுமதி செய்பவர்களுக்கு வழி வேறு. அங்கே ஷிப்பிங் பில்லே விண்ணப்பமாகக் கருதப்படும், பணம் தருவது சுங்கத்துறை. அவர்கள் RFD-01 என்ற ரீஃபண்ட் விண்ணப்பத்தைத் தனியாகப் போடத் தேவையில்லை.

விளக்கத்துக்கு ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். கரூரில் சமையலறைத் துண்டும் படுக்கை விரிப்பும் தைத்து அனுப்பும் சிறு நிறுவனம் ஒன்று. 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்தில் ஏற்றுமதி ₹48 லட்சம், உள்ளூர் விற்பனை ₹12 லட்சம். நூல், சாயம், பேக்கிங், சரக்குக் கட்டணம் எல்லாவற்றிலும் சேர்ந்த உள்ளீட்டு வரி ₹4 லட்சம்.

முதலில் தொகை சரியா என்று பாருங்கள்

ஜிஎஸ்டி விதி 89(4) சொல்லும் சூத்திரம் எளிது. ஏற்றுமதி விற்றுமுதலை உள்ளீட்டு வரியால் பெருக்கி, மொத்த விற்றுமுதலால் வகுக்க வேண்டும்.

```
48,00,000 × 4,00,000 ÷ 60,00,000 = 3,20,000
```

இந்த ₹3,20,000 உச்ச வரம்பு. இதோடு இன்னும் இரண்டு தொகைகளைப் போர்ட்டல் ஒப்பிடும்: அந்தக் காலத்தின் GSTR-3B ரிட்டர்ன் தாக்கலான பிறகு கிரெடிட் லெட்ஜரில் இருந்த இருப்பு, விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் இருப்பு. மூன்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். நம் நிறுவனம் உள்ளூர் விற்பனைக்கான வரி ₹60,000ஐ வரவிலிருந்தே கட்டியது, மீதி ₹3,40,000 இருக்கிறது. ஆகவே ₹3,20,000 முழுவதையும் கேட்கலாம்.

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. தையல் இயந்திரம் போன்ற மூலதனப் பொருள்களுக்குக் கட்டிய வரியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உள்ளீட்டுப் பொருள், உள்ளீட்டுச் சேவை மட்டும்தான். அடுத்து, ஏற்றுமதி மதிப்பு என்பது ஷிப்பிங் பில்லில் உள்ள எஃப்ஓபி மதிப்பு, இன்வாய்ஸ் மதிப்பு இரண்டில் குறைவானது. சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த சிஐஎஃப் விலைக்கு இன்வாய்ஸ் போடுபவர்கள் அந்த முழுத்தொகையையே எடுத்துக்கொண்டு பிறகு நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

ஏஆர்என் தேதியை உடையாமல் காப்பது

போர்ட்டலில் RFD-01 படிவத்தை நிரப்பி, ஏற்றுமதி விவரத்துக்கான Statement 3, கணக்குக்கான Statement 3A, கொள்முதல் பில்கள் பட்டியலான Annexure-B, உறுதிமொழிகள் ஆகியவற்றைப் பதிவேற்றி முடித்ததும் 15 எழுத்து, எண் கொண்ட ஏஆர்என் வரும். தமிழ்நாட்டுப் பதிவுகளுக்கு `AA33` என்று தொடங்கும். கேட்கும் தொகை அந்த நொடியே கிரெடிட் லெட்ஜரிலிருந்து கழிந்துவிடும். அதாவது பணமும் கையில் இல்லை, வரவும் லெட்ஜரில் இல்லை. சிறு நிறுவனத்துக்குத் தாமதம் உறைப்பது இதனால்தான்.

நம் நிறுவனத்தின் ஏஆர்என் 10.02.2025 அன்று வந்தது. இனி இந்தத் தேதிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஆனால் இதை ஒரே ஒரு காகிதம் அழித்துவிடும்: RFD-03 எனப்படும் குறைபாட்டு மெமோ. அது வந்தால் பழைய விண்ணப்பம் முடிந்தது. கழிந்த தொகை லெட்ஜருக்குத் திரும்பிவிடும், நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், 60 நாள் கணக்கும் புது ஏஆர்என் தேதியிலிருந்து மறுபடி ஓடும். வட்டியைப் பொறுத்தவரை கழிந்த நாள்கள் கணக்கிலேயே வராது.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஒரு மணி நேரம் செலவழிப்பது பின்னால் இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தும். GSTR-1 படிவத்தின் 6A அட்டவணையில் உள்ள இன்வாய்ஸ் எண், ஷிப்பிங் பில் எண், துறைமுகக் குறியீடு ஆகியவை Statement 3இல் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். GSTR-3B படிவத்தில் ஏற்றுமதித் தொகை 3.1(b) கட்டத்தில் விழுந்திருக்க வேண்டும், 3.1(a) கட்டத்தில் விழுந்திருக்கக் கூடாது. Annexure-Bஇல் உள்ள ஒவ்வொரு பில்லும் GSTR-2Bஇல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை எடுத்துவிடுங்கள். தொகை ₹2 லட்சத்தைத் தாண்டினால் வேறு வகை ரீஃபண்டுகளில் வரிச்சுமையை வேறு யார் மேலும் ஏற்றவில்லை என்ற ஆடிட்டர் சான்று தேவைப்படும். ஏற்றுமதியில் தேங்கிய வரவுக்கு அது தேவையில்லை. கேட்டால் ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 54(8)ஐக் காட்டலாம்.

இரண்டு வருடக் காலக்கெடுவும் உண்டு. கடல், விமான வழி ஏற்றுமதிக்கு அந்தக் கப்பலோ விமானமோ இந்தியாவை விட்டுப் புறப்பட்ட தேதியிலிருந்து இரண்டு வருடம். குறைபாட்டு மெமோ வந்தால், முதல் விண்ணப்பத்திலிருந்து மெமோ வந்த நாள் வரையிலான காலம் இந்த இரண்டு வருடத்தில் சேராது என்று 2021இல் விதி 90(3) திருத்தப்பட்டது. அது காலக்கெடுவுக்கு மட்டும். வட்டிக் கணக்குக்கு அல்ல.

15, 45, 60: மூன்று தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள்

ஏஆர்என் வந்த 15 நாளுக்குள் அதிகாரி இரண்டில் ஒன்று செய்ய வேண்டும். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் RFD-02 ஒப்புகை. குறை இருந்தால் RFD-03 மெமோ. விதி 90 இப்படித்தான் சொல்கிறது. ஒப்புகை வந்தால் 60 நாள் கணக்கு ஒப்புகைத் தேதியிலிருந்து ஓடாது, விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்தே ஓடும். இதைப் பலரும் தவறாகக் கணக்குப் போட்டு, தாங்களே வட்டியில் இரண்டு வாரத்தை விட்டுக்கொடுக்கிறார்கள்.

15 நாள் கழித்து, ஒரு மாதம் கழித்து, மெமோ வந்தால்? தில்லி உயர் நீதிமன்றம் 2020இல் ஜியான் இன்டர்நேஷனல் வழக்கில், 15 நாளுக்குள் எதுவும் தரப்படாவிட்டால் பிறகு குறைபாட்டு மெமோ கொடுத்து விண்ணப்பத்தை முதலிலிருந்து தொடங்க வைக்க முடியாது என்று சொன்னது. தமிழ்நாட்டு அதிகாரியைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை என்றாலும், கடிதத்தில் குறிப்பிடத் தகுந்தது.

45ஆவது நாள் சட்டத்தில் இல்லை, மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் 18.11.2019 தேதியிட்ட 125/44/2019 எண் சுற்றறிக்கையில் இருக்கிறது. இறுதி ஆணையான RFD-06, பணம் வழங்கும் ஆணையான RFD-05 இரண்டையும் ஏஆர்என் தேதியிலிருந்து 45 நாளுக்குள் போட்டுவிடும்படி அது அதிகாரிகளை அறிவுறுத்துகிறது. 60 நாளுக்குள் பணம் வங்கியில் விழுந்துவிட வேண்டும் என்பதற்காக. பணம் விண்ணப்பதாரரின் கணக்கில் வரவான பிறகுதான் ரீஃபண்ட் கொடுக்கப்பட்டதாகும் என்று அதே சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. ஆணை போட்ட தேதி போதாது.

60ஆவது நாள் பிரிவு 54(7). அதற்குள் இறுதி ஆணை வர வேண்டும். அது கடந்தால் பிரிவு 56இன்படி வட்டி.

நம் கணக்கில், 10.02.2025இலிருந்து 15ஆவது நாள் 25.02.2025, 45ஆவது நாள் 27.03.2025, 60ஆவது நாள் 11.04.2025. வட்டி ஏப்ரல் 12இலிருந்து ஓடும்.

நடுவில் தற்காலிக ரீஃபண்ட் ஒன்றும் உண்டு. ஒப்புகை கொடுத்த 7 நாளுக்குள் கேட்ட தொகையில் 90 சதவீதத்தை RFD-04 மூலம் தரலாம். 2025 அக்டோபர் 1 முதல், கணினி இடர் மதிப்பீட்டின் அடிப்படையில் இது வழங்கப்படுகிறது. கிடைத்துவிட்டால் தாமத வட்டி மீதி 10 சதவீதத்துக்கு மட்டுமே. கிடைக்காவிட்டால் அந்த 7 நாளுக்கென்று பிரிவு 56 தனி வட்டி எதுவும் தரவில்லை; அது 60 நாளை மட்டும்தான் பார்க்கிறது.

ஃபைல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது

கடிதம் எழுதும் முன் போர்ட்டலில் உள்ளே போய்ப் பாருங்கள். `Services > Refunds > Track Application Status` பகுதி மேலோட்டமான நிலையைத்தான் காட்டும். `Services > User Services > My Applications` வழியாக ரீஃபண்ட் விண்ணப்பத்தைத் திறந்தால் நோட்டீஸ், பதில், ஆணை எல்லாம் தனித்தனியாகத் தெரியும். ரீஃபண்டை ஏன் மறுக்கக் கூடாது என்று கேட்கும் RFD-08 நோட்டீஸ் அங்கே வாரக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். மின்னஞ்சல் பழைய கணக்காளருடையது என்பதால் முதலாளிக்குத் தெரியாமலே போன கதைகள் நிறைய.

நிலைக்கு ஏற்ப நோய் வேறு. RFD-02கூட வரவில்லை என்றால் ஃபைலை யாரும் திறக்கவில்லை. RFD-08 வந்திருந்தால் பந்து உங்கள் பக்கம். 15 நாளுக்குள் RFD-09இல் பதில் போட வேண்டும். RFD-06 வந்தும் பணம் வரவில்லை என்றால் பெரும்பாலும் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பில் சிக்கல்: பெயர் ஒத்துப்போகவில்லை, ஐஎஃப்எஸ்சி மாறிவிட்டது, கணக்கு மூடியிருக்கிறது. வங்கிகள் ஒன்றாக இணைக்கப்பட்ட பின் ஐஎஃப்எஸ்சி மாறியவர்கள் போர்ட்டலில் பழைய எண்ணையே வைத்திருப்பது சகஜம்.

இந்த இரண்டு விஷயங்களும் வட்டியைக் குறைக்கும். 2023 அக்டோபர் 1 முதல் விதி 94இல் ஒரு விளக்கம் சேர்ந்திருக்கிறது. நோட்டீஸுக்குப் பதில் சொல்ல 15 நாளுக்கு மேல் நீங்கள் எடுத்த காலமும், சரியான வங்கி விவரம் தரவோ சரிபார்க்கவோ நீங்கள் எடுத்த காலமும் தாமதக் கணக்கில் சேராது. அதிகாரி கண்டிப்பாக இதைக் கழிப்பார், ஆகவே நீங்களே கழித்துக் கேட்பது நல்லது. கணக்கு நேர்மையாக இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கடிதம்

61ஆவது நாள் கடிதம் போக வேண்டும். இதற்கு முன் 46ஆவது நாள் சுற்றறிக்கையைக் காட்டி ஒரு மென்மையான நினைவூட்டல் அனுப்பினால் இன்னும் நல்லது. மார்ச் கடைசியில் வரி வசூல் இலக்கில் அலுவலகமே மூழ்கியிருக்கும் என்பதால் அந்த நினைவூட்டல் வீணாகக்கூட இருக்கலாம். ஆனால் நகல் உங்கள் கையில் இருக்கும்.

யாருக்கு எழுதுவது? உங்கள் விண்ணப்பம் ஒதுக்கப்பட்ட அதிகாரிக்கு. மாநில வணிகவரித் துறையா மத்திய ஜிஎஸ்டியா என்பது பதிவு விவரத்திலேயே தெரியும். மாநில அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். மத்திய அலுவலகத்துக்கு இதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். நம் நிறுவனம் 12.04.2025 அன்று இப்படி எழுதியிருக்கலாம்:

*பொருள்: உள்ளீட்டு வரி வரவு ரீஃபண்ட் — ஏஆர்என் (எண்), நாள் 10.02.2025 — 60 நாள் கடந்தமை — பிரிவு 56இன்படி வட்டி கோருதல்.*

*ஐயா, 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல்யூடியின் கீழ் செய்த ஏற்றுமதிக்காக ₹3,20,000 ரீஃபண்ட் கோரி மேற்கண்ட விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தோம். RFD-02 ஒப்புகை 20.02.2025 அன்று வழங்கப்பட்டது. குறைபாட்டு மெமோ எதுவும் எங்களுக்கு வரவில்லை.*

*மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017, பிரிவு 54(7)இன்படி இறுதி ஆணை 11.04.2025க்குள் வந்திருக்க வேண்டும். இன்றுவரை ஆணையும் பணமும் வரவில்லை. எங்கள் தரப்பில் நிலுவையில் உள்ள பதிலோ ஆவணமோ இல்லை.*

*ஆகவே ரீஃபண்ட் ஆணையை உடனே வழங்குமாறும், பிரிவு 56, விதி 94 ஆகியவற்றின்படி 12.04.2025 முதல் பணம் வங்கியில் வரவாகும் நாள் வரை ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையும் சேர்த்து வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.*

*இணைப்பு: ஏஆர்என் ஒப்புகை, RFD-02, சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்கு விவரம்.*

இதில் கோபம் வேண்டாம், தொழில் நெருக்கடியை விவரிக்கவும் வேண்டாம். ஒரே பக்கம். நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். "எங்கள் தரப்பில் நிலுவை இல்லை" என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

வட்டிக் கணக்கு

நம் நிறுவனத்தின் கதை இப்படிப் போனது என்று வைப்போம். ஏப்ரல் 21 அன்று RFD-08 வந்தது: ₹17,500 உள்ளீட்டு வரி GSTR-2Bஇல் இல்லை. பதில் மே 6க்குள் போயிருக்க வேண்டும். போனது மே 13. விளக்கம் ஏற்கப்படவில்லை. சூத்திரப்படி அந்த ₹17,500இல் 80 சதவீதம், அதாவது ₹14,000 குறைந்து, ஜூலை 10 அன்று ₹3,06,000க்கு RFD-06 வந்தது. பணம் ஜூலை 23 அன்று வங்கியில் விழுந்தது.

ஏப்ரல் 12 முதல் ஜூலை 23 வரை 103 நாள். பதில் தாமதமான 7 நாளைக் கழித்தால் 96.

```
3,06,000 × 6% × 96 ÷ 365 = 4,828.93
```

ஆக ₹4,829. ரீஃபண்டை எதிர்பார்த்து வங்கி ஓவர்டிராஃப்டில் வட்டி கட்டியவருக்கு இது பாதிகூட ஈடாகாது. 9 சதவீதம் கிடைக்கும் என்று சிலர் சொல்வது வேறு சூழலுக்கானது: மேல்முறையீடோ நீதிமன்றமோ உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, அது இறுதியான பிறகு போட்ட விண்ணப்பமும் 60 நாளைத் தாண்டினால்தான் அந்த விகிதம். 2022இல் வில்லோவுட் கெமிக்கல்ஸ் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் கொடுத்த 9 சதவீதத்தை உச்ச நீதிமன்றம் 6ஆகக் குறைத்தது. கடிதத்தில் 9 கேட்டு நம்பகத்தன்மையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொகை சிறிது என்றாலும் கேட்பதை நான் வலியுறுத்துவேன். வட்டி ஆணை போட வேண்டுமானால் எத்தனை நாள் தாமதம் என்று அதிகாரியே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதை எழுத யாருக்கும் விருப்பமில்லை. அடுத்த காலாண்டு ஃபைல் நேரத்துக்கு நகர்வதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

வட்டி, ஆணை போட்ட நாளிலிருந்துதான் ஓடும் என்று சொன்னால், 2011இல் ரான்பாக்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டலாம். அது கலால் சட்டத்தின் கீழ் வந்தது. விண்ணப்பம் பெற்ற தேதியிலிருந்து குறிப்பிட்ட காலம் முடிந்ததுமே வட்டி தொடங்கிவிடும் என்றது. பிரிவு 56இன் வாசகமும் அதே பாணிதான்.

கடிதத்துக்கும் பதில் இல்லை என்றால்

இரண்டு வாரம் பாருங்கள். அப்புறம் அதே கடிதத்தை, முதல் கடிதத்தின் முத்திரையிட்ட நகலோடு, அடுத்த நிலை அதிகாரிக்கு அனுப்புங்கள். மத்திய ஜிஎஸ்டி என்றால் `pgportal.gov.in` தளத்தில் புகார் பதியலாம்; ஏஆர்என், 60ஆவது நாளின் தேதி, முதல் கடிதத்தின் தேதி மூன்றும் முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டும். போர்ட்டலே வேலை செய்யாத தொழில்நுட்பக் கோளாறுக்கு மட்டும் ஜிஎஸ்டி நெட்வொர்க்கின் புகார் தளம். அதிகாரி தாமதத்தை அங்கே எழுதினால் சம்பந்தப்பட்ட அலுவலகத்தை அணுகச் சொல்லி மூடிவிடுவார்கள்.

எனக்குப் பிடித்த கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். ₹10 கட்டணம், 30 நாளில் பதில். ஆனால் "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல. "இந்த ஏஆர்என் தொடர்பான கோப்பு எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அதிகாரியின் பார்வைக்குச் சென்றது, கோப்புக் குறிப்புகளின் நகல் தருக" என்று கேளுங்கள். இந்த மனு அலுவலகத்துக்குள் வந்த வாரத்திலேயே ஆணை வெளிவருவதும் உண்டு.

கடைசி வழி சென்னை உயர் நீதிமன்றத்தில், கரூர் போன்ற தென்மாவட்ட எல்லைக்குள் வருபவர்களுக்கு மதுரைக் கிளையில், அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு. சில வாரத்துக்குள் விண்ணப்பத்தை முடிவு செய்யுமாறு உத்தரவு கேட்பதே இதன் நோக்கம். ₹3 லட்சத்துக்கு வழக்கறிஞர் செலவு தாங்குமா என்று கணக்குப் போட வேண்டும். பல காலாண்டு ரீஃபண்டுகள் சேர்ந்து நிற்கும்போதுதான் பெரும்பாலும் இது கட்டுப்படியாகும். முத்திரையிட்ட அந்த முதல் கடிதம் அங்கேயும் முதல் ஆவணம்.

பணம் வந்துவிட்டது, RFD-06இல் வட்டிக் கட்டம் மட்டும் காலி என்றால், உடனே ஏஆர்என், வரவான தேதி, நாள் கணக்கு மூன்றையும் எழுதி விதி 94இன்படி வட்டி ஆணை கேளுங்கள். அதற்காகக் காத்திருக்கும்போது ஒரு தேதியை மறக்கக் கூடாது: RFD-06 உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 3 மாதம். பிரிவு 107இன்படி மேல்முறையீடு செய்ய அதுதான் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம் மட்டும் கூடும். நம் நிறுவனத்துக்கு ஜூலை 10 ஆணை அன்றே கிடைத்தது என்றால், அக்டோபர் 10க்குள் வட்டி ஆணை வர வேண்டும், அல்லது APL-01 என்ற மேல்முறையீட்டு மனு தாக்கலாகியிருக்க வேண்டும். மறுக்கப்பட்ட ₹14,000ஐ எதிர்த்து வாதிட விரும்பினாலும் அதே மனுவில் சேர்க்கலாம். விரும்பாவிட்டால் மேல்முறையீடு செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் அந்த ₹14,000 PMT-03 மூலம் கிரெடிட் லெட்ஜருக்குத் திரும்பும். வட்டிக்கான மேல்முறையீடு நினைவில் இருந்தால் அந்த உறுதிமொழியின் வாசகத்தை மறுக்கப்பட்ட தொகைக்கு மட்டும் என்று குறுக்கி எழுதுங்கள்.